நாலாம் மாடி காலி

சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயருக்கு வேலையில்லை. வாசல் காவலாளியிலிருந்து மேனேஜர் வரை, அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட, அவளை சர்க்குலர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐந்து மாடிக் கட்டடம், விபத்துக் காப்பீட்டு அலுவலகம். விழுந்தவர்கள், மோதியவர்கள், எரிந்துபோன கடைக்காரர்கள் எல்லோருடைய கோப்புகளும் அங்கேதான் வந்து தூங்கும். அந்த அலுவலகத்தில் எது நடந்தாலும், நடக்காமல் போனாலும், அதைப் பற்றி ஒரு அறிவிப்பு ஒட்டவேண்டும். எழுதுவது அவள்.

சும்மா சொல்லக்கூடாது, எழுத்தில் அவள் கெட்டிக்காரி. அரசாங்க உத்தரவு மாதிரி எழுதி ஆளைக் கொல்ல மாட்டாள். ஒரு முறை இப்படி ஒட்டினாள்: ‘கை கழுவும் தொட்டியில் தேயிலையைக் கொட்டுகிறவர் யாரென்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்தால் நல்லது.’ உண்மையில் அவளுக்கு யாரென்று தெரியாது. அன்றிலிருந்து தொட்டி அடைக்கவில்லை. அறிவிப்புப் பலகையைக் கடந்து போகிறவர்கள் நின்று படித்துவிட்டுச் சிரிப்பார்கள். மூன்று வரியில் மனிதரை நிற்கவைப்பது சின்ன விஷயமா? அவளுக்கு அதில் ரகசியமாய் ஒரு கர்வம் உண்டு. இருக்கட்டுமே, வேறென்ன இருந்தது அவளுக்கு அந்தக் கட்டடத்தில்.

வேறொன்றும் இருந்தது. ஆரஞ்சு நிற மேல்சட்டை. முதுகில் ‘ஃப்ளோர் வார்டன்’ என்று எழுதியிருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை தீ ஒத்திகை நடக்கும். மணி அடித்ததும் எல்லோரும் படிக்கட்டு வழியாக வெளியேறி, குறித்த இடத்தில் கூட வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வார்டன். நாலாம் மாடிக்குப் பல வருடங்கள் அவள்தான். மணி அடித்த மறுநொடி மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு, அறை அறையாக, கழிப்பறை உட்பட எட்டிப் பார்த்து, கதவுகளைப் பூட்டாமல் சாத்திக்கொண்டே வந்து, கடைசி ஆளாக இறங்குவாள். கீழே சீஃப் வார்டனான மேனேஜர் முன்னால் போய் நின்று, ‘நாலாம் மாடி காலி’ என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரலைக் கேட்கவேண்டும். கோட்டையைப் பிடித்தவள் மாதிரி இருக்கும்.

கூடும் இடத்தை மாற்றியதும் அவள்தான். முதலில் எல்லோரும் முன்வாசல் நிழலில், கண்ணாடிச் சுவருக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார்கள். ‘சூட்டுல கண்ணாடி வெடிச்சா தலையிலதான் விழும், தீயணைப்பு வண்டி வந்தா எங்க நுழையும்?’ என்று கேட்டுக் கேட்டு, மேனேஜரின் காதை ஓட்டையாக்கி, கடைசியில் பின்பக்க மதிலோரம் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் பச்சைப் பலகை நடவைத்தாள். வெயிலில் நிற்கவேண்டியிருக்கிறதே என்று எல்லோரும் அவளைத் திட்டினார்கள். திட்டிக்கொண்டே அங்கே போய் நின்றார்கள்.

ஒத்திகையை ஓட்டப்பந்தயம் ஆக்கியது யார் என்று தெரியாது. யாரோ ஒரு வருடம் எந்த மாடி முதலில் காலியாகிறதோ அதற்கு ஒரு கேடயம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவுதான், நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும். கோப்பை நகர்த்த மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறவர்களெல்லாம் படியில் பறந்தார்கள். கேடயம் நாலாம் மாடியை விட்டு வெளியே போனதே இல்லை. அதற்கு அவளிடம் ஒரு சூட்சுமம் இருந்தது. நாலாம் மாடி ரெக்கார்ட் ரூமில் ஒரு அண்ணன் இருந்தார். கனத்த உடம்பு, மூச்சிரைப்பு, ஒரு மாடி இறங்குவதற்குள் இரண்டு இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒத்திகை நாளன்று அவள் அவரிடம் போய், ‘அண்ணே, நீங்க கொஞ்சம் முன்னாடியே லிஃப்டுல இறங்கி கேன்டீன்ல உக்காந்துடுங்க, டீ என் கணக்கு’ என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். இதற்கு மாடியில் ‘முன்னிறக்கம்’ என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. அவளுக்கும்தான்.

பிறகு ஒரு மழை நாளில் வளைவில் அவளுடைய ஸ்கூட்டர் சறுக்கியது. இடுப்பெலும்பில் தகடு வைத்தார்கள். பல மாதம் படுக்கை. திரும்பி வரும்போது கக்கத்தில் ஊன்றுகோல் இருந்தது. தாழ்ந்த இடத்தில் உட்காரக்கூடாது, உட்கார்ந்தால் தனியாக எழ முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். லிஃப்டில் நாலாம் மாடிக்கு வந்துபோவதில் சிரமமில்லை. படி மட்டும்தான் ஜென்மப் பகையாகிவிட்டது.

படுக்கையில் கிடந்த காலத்தில் அவளைத் தாங்கியது இரண்டு பேர். ஒருவர் கணவர், பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவிக் கழுவி எதையும் பதமாகப் பிடிக்கத் தெரிந்த கை. இன்னொருத்தி ஆபீசில் பக்கத்து மேசைக்காரி. இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாளென்றால் தெருக்கோடியில் போகிற ஆட்டோ நிற்கும், அதனால் அவள் பெயர் விசில். பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். அறிவிப்பு எழுதக் கற்றுக்கொடுத்ததும் அக்காதான், முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் கூட இருந்ததும் அக்காதான். அந்த நன்றிக்கு விசில் வாராவாரம் வந்து அவளுக்குத் தலைக்குக் குளிப்பாட்டி, சிக்கெடுத்துப் பின்னிவிட்டுப் போனாள். சொந்தத் தங்கை இருந்தால்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள். ஆரஞ்சு மேல்சட்டையை விசிலுக்குத் தானே மாட்டிவிட்டாள் அக்கா. கண் கலங்கியது. பரவாயில்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று தேற்றிக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் ஒரு நாள் கூப்பிட்டு, கனிவான முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, பேச்சை ஆரம்பித்தார்.

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கீழ தபால் கவுன்ட்டர் காலியா இருக்கு. வர்ற தபாலுக்கு சீல் வெக்கணும், அவ்வளவுதான். லிஃப்டு, படி ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே ஒரு தீ கீ பிடிச்சா நாலாம் மாடியிலேர்ந்து உங்களை எப்படி இறக்கறது?”

சீல் வைப்பது கேவலம் என்றில்லை. ஆனால் அறிவிப்பு எழுதுவது நிர்வாகப் பிரிவின் வேலை, நிர்வாகப் பிரிவு நாலாம் மாடி. கீழே போனால் எழுத்து போய்விடும். காலைத்தான் வளைவில் விட்டாயிற்று, இதையும் விடவேண்டுமா?

“எப்படி இறக்கறதுன்னு முறை இருக்கு சார். படி இறங்க முடியாதவங்க தீக்கதவுக்கு அந்தப் பக்கம், படிக்கட்டு மேடையில நிக்கணும். அங்க புகை சீக்கிரம் வராது. துணைக்கு ஒருத்தர் கூட நிப்பார். ஃப்ளோர் வார்டன் கீழ வந்து உங்ககிட்ட, இன்ன படிக்கட்டுல, இன்ன மாடியில ஒருத்தர் இருக்காங்கன்னு சொல்லணும். நீங்க ஆள் அனுப்பி இறக்கணும். அதுக்குத்தான் செக்யூரிட்டி ரூம்ல படியில இறக்கற நாற்காலி வாங்கி வெச்சிருக்கோம். ரெண்டு பேருக்குப் பயிற்சி குடுத்து, அதுக்கு சர்க்குலரும் நான்தான் எழுதினேன்.”

மேனேஜருக்கு அந்த நாற்காலி ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. தாடையைத் தடவினார்.

“சரி. இந்த ஒத்திகையில பாத்துடலாம். ஒழுங்கா உங்களை இறக்கிட்டாங்கன்னா நீங்க மேலயே இருங்க. இல்லேன்னா கவுன்ட்டர். நியாயம்தானே?”

நியாயம்தான் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த அறிவிப்பை அவள் எழுதியதுபோல வேறெதையும் எழுதியதில்லை. மூன்று நாள் அதே வேலை. மேனேஜர், ‘பதினோரு மணின்னு சரியாப் போட்டுடுங்களேன், மீட்டிங் வெக்கறவங்களுக்கு வசதி’ என்றார். சரியாகப் போட்டால் பத்தே முக்காலுக்கு ஆபீஸ் முழுக்க டீக்கடையில் இருக்கும், அப்புறம் எதை வெளியேற்றுவது என்று அவள் மல்லுக்கு நின்றாள். கடைசியில் பலகையில் ஏறியது இதுதான்:

‘வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே ஏதோ ஒரு நேரத்தில் தீ ஒத்திகை நடைபெறும். எந்த நேரம் என்பது சீஃப் வார்டன் ஒருவருக்கே தெரியும். அவரைக் காக்காய் பிடிக்க வேண்டாம். மணி தொடர்ந்து ஒலித்தால் ஒத்திகை என்று பொருள். பக்கத்துக் கட்டடத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் முன்கூட்டியே தகவல் தரப்பட்டுள்ளது. யாரும் போன் செய்து அவர்களை ஓடவைக்காதீர்கள்.

லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. பை, போன், பாதி குடித்த டீ எல்லாம் மேசையிலேயே இருக்கட்டும். அருகிலுள்ள படிக்கட்டு வழியாக இறங்கி, பின்பக்க மதிலோரம், சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் பச்சைப் பலகை அருகே கூட வேண்டும். சீஃப் வார்டன் சொல்லும்வரை யாரும் உள்ளே திரும்பக் கூடாது.

ஃப்ளோர் வார்டன்கள் ஆரஞ்சு மேல்சட்டையில் இருப்பார்கள். தங்கள் மாடியில் ஒவ்வோர் அறையையும் கழிப்பறையையும் பார்த்து, கதவுகளைச் சாத்தி, கடைசியாக இறங்கி, மாடியின் நிலையைச் சீஃப் வார்டனிடம் நேரில் சொல்வார்கள்.

படி இறங்க முடியாதவர்களும் இந்த ஒத்திகையில் உண்டு. அவர்கள் படிக்கட்டு மேடையில் துணையாளுடன் காத்திருப்பார்கள். துணையாள் அவர்களை விட்டு நகரக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்தை வார்டன் சொல்லவேண்டும். அவர்களும் கீழே வந்து சேர்ந்த பிறகே அந்த மாடி காலியானதாகக் கொள்ளப்படும்.’

கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு விசில் கொஞ்சம் முகம் சுளித்தாள். “அக்கா, அப்ப நம்ம மாடி நேரம்...?”

“நேரம் போனா போகுது. நான் ஒப்புக்குச் சப்பாணியா இருக்க மாட்டேன்டி.”

விசில் சிரித்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். துணையாளாகக் க்ளெய்ம்ஸ் பிரிவு நெட்டையனைப் போட்டார்கள். நல்ல பையன், உயரத்துக்கேற்ற மறதி.

முதல் நாள் சாயங்காலம் கணவர் அவளுடைய ஊன்றுகோலின் அடி ரப்பரைக் கழற்றிப் புதுசு மாட்டிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு உன்னை நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டு வருவாங்களா?”

“ரெண்டு பேர் இறக்குவாங்க.”

“கல்யாணத்துல நான்கூட உன்னைத் தூக்கலையே.”

“அப்ப தூக்கற எடையிலதான் இருந்தேன். நீங்க கேக்கலை.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நாலாம் மாடி மேசை பிழைத்துவிடும் என்று அன்றைக்கு அவளுக்கு முழு நம்பிக்கை. நம்பிக்கைக்கு என்ன, அது பாட்டுக்கு வரும், போகும்.

புதன்கிழமை எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் வேலை ஓடவில்லை. மணி அடித்ததும் நாற்காலிகள் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தன. விசில் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஊதிய ஊதலில் காது அடைத்தது. அக்கா, தான் எழுதிய சொல்லுக்குக் கட்டுப்பட்டு, போனையும் பையையும் மேசையிலேயே வைத்துவிட்டு, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு தீக்கதவைத் தாண்டி மேடைக்கு வந்தாள். நெட்டையன் கதவைப் பிடித்துக்கொண்டான். கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. ‘அக்கா, ராணி மாதிரி நிக்கறீங்க’ என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே ஓடினாள்.

கடைசியாக விசில் வந்தாள். அவர்களைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். அவள் காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

காத்திருந்தார்கள். நெட்டையன் முதலில் சுவரில் சாய்ந்தான், பிறகு நகத்தைக் கடித்தான், பிறகு எட்டிப் பார்த்தான்.

“யாரும் வரலையே அக்கா. கார்டுங்க நாற்காலியைத் தேடறாங்க போல. நான் ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு ஓடி வந்துடறேன்.”

“நீ நகரக் கூடாதுப்பா. எழுதியிருக்கேனே.”

“ரெண்டே நிமிஷம் அக்கா.”

நீளக் காலை எடுத்து வைத்து அவன் போயே போய்விட்டான். படிக்கட்டில் அவள் மட்டும் நின்றாள். மணி நின்றது. மேடைக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல், திறந்திருந்தது. அதன் வழியாகப் பின்பக்கத்திலிருந்து மைக் இரைச்சல் வந்தது. மேனேஜரின் குரல் அவளுக்குத் தெரியாதா?

“எல்லா வார்டனும் ரிப்போர்ட் குடுத்தாச்சு. அஞ்சு மாடியும் காலி! வழக்கம்போல நாலாம் மாடிதான் முதல்ல! கைதட்டுங்க!”

கை தட்டினார்கள். விசிலின் விசில் எல்லாவற்றையும் மீறிக் கேட்டது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. ஏதோ தவறாகச் சொல்லிவிட்டார், இப்போது திருத்திச் சொல்வார் என்றிருந்தாள். “எல்லாரும் உள்ள போகலாம்” என்றார் அவர். அதற்குப் பிறகும், வருவார்கள், நாற்காலியோடு இரண்டு பேர் வருவார்கள் என்றே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. நெட்டையனும் போன காரியத்தை மறந்து கூட்டத்தோடு நின்றுவிட்டான் போல. ஒத்திகை முடிந்துவிட்டது, இனி எந்த மடையன் படியேறுவான்? சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. பேச்சும் சிரிப்புமாக அவள் மாடிக்கு அவள் ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கதவுதான்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போயிருக்கலாம். கனமான கதவுதான், ஆனாலும் தோளால் தள்ளியிருப்பாள். போகவில்லை. வார்டன் வந்து கூட்டிப் போகட்டும் என்று வீம்பு. வீம்பு மனதுக்கு இருந்தது, இடுப்புக்கு இல்லை. தகடு வைத்த இடம் கொதிக்க ஆரம்பித்தது. டாக்டர் சொன்னதை மறந்து படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இனி எழ முடியாது.

ஊன்றுகோலால் கைப்பிடிக் கம்பியைத் தட்டினாள். இரும்பு அதிர்ந்து கீழ்வரை போனது. யார் காதிலும் விழவில்லை. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நெருப்பு இல்லை, புகை இல்லை, எல்லாம் நாடகம் என்று தெரிந்தும், மறுபடி மறுபடி கம்பியைத் தட்டினாள். நிஜமாயிருந்தால் இப்படித்தான் இருக்கும், இந்தப் படியில்தான், கைதட்டல் கேட்டுக்கொண்டே போகவேண்டியதுதான் என்று நினைத்தாள்.

கதவு திறந்தது. விசில்.

“அக்கா! இங்கயா இருக்கீங்க? உங்களைத்தான் தேடறோம். போட்டோ எடுக்கணும், கேடயத்தோட. நீங்க நடுவுல உக்காரணும்னு எல்லாரும்...” பாதியில் நின்றாள். முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“என்னை இறக்கியாச்சுன்னு சொன்னியா?”

“இல்லக்கா. காலின்னுதான் சொன்னேன்.”

“மறந்துட்டியா?”

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். அக்கா அந்த நிமிஷமே மன்னித்திருப்பாள். மனுஷர்தானே, மறக்கும். ஆனால் விசிலுக்கு அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதுதான் கெடுத்தது.

“மறக்கலை. அங்க போய் நிக்கறேன், மூணாம் மாடிக்காரன் பின்னாடியே வந்துட்டான். உங்களைச் சொன்னா, நாற்காலி மேல வந்து, நீங்க இறங்கி, எவ்வளவு நேரம்... மொத்த மாடியும் என் மூஞ்சியையே பாக்குது. வாயில வந்துடுச்சுக்கா. நிஜமா தீ பிடிச்சா சொல்லாம இருப்பேனா? என்னைத் தெரியாதா உங்களுக்கு?”

“அதுக்குத்தானேடி ஒத்திகை. எப்படிச் சொல்லணும்னு வாய் பழகறதுக்கு. இன்னிக்கு உன் வாய் என்ன பழகுச்சு?”

விசிலின் முகம் தொங்கிப்போனது. பிறகு அது சிவந்தது. மாட்டிக்கொண்டவர்களுக்கு வரும் கோபம், அதற்குக் கண் கிடையாது.

“எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதானே? ரெக்கார்ட் ரூம் அண்ணனை வருஷா வருஷம் கேன்டீனுக்கு அனுப்பினது யாரு? அப்ப காலின்னு சொன்னீங்களே, அவர் ஒரு தடவையாவது இந்தப் படியில இறங்கினாரா? உங்களுக்கு வந்தாதான் வலியா?”

அக்காவுக்கு அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே லிஃப்டுக்கு நடந்த நடை நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள் இத்தனை நாளும். இப்போது அவரிடம் போய்க் கேட்கவும் முடியாது. ஓய்வுபெற்றுக் கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“கையைக் குடு” என்றாள். “எழ முடியலை.”

விசில் குனிந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். பழகின கை, எங்கே பிடித்தால் வலிக்காது என்று தெரிந்த கை. தூக்கும்போது இரண்டு பேரும் அழுதார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

போட்டோவில் அவள் உட்காரவில்லை.

மாலையில் மேனேஜர் மேசைக்கே வந்தார். வாயெல்லாம் பல். “ஒத்திகை நல்லபடியா முடிஞ்சுதுன்னு ஒரு நன்றி அறிவிப்பு போட்டுடுங்க. எல்லாரும் பத்திரமா வெளியேறினாங்கன்னு. உங்க விஷயமும் முடிஞ்சுது, நாலாம் மாடி காலின்னு ரிப்போர்ட் வந்தாச்சே. நீங்க பாட்டுக்கு இங்கயே இருங்க.”

அவர் போனபிறகு விசில் தன் மேசையிலிருந்து மெல்லச் சொன்னாள், “அக்கா, எழுதிடுங்க. உங்க சீட்டு தப்பிச்சுதுல்ல.”

உண்மைதான். ‘எல்லோரும்’ என்ற ஒரு சொல்லைத் தட்டினால் போதும், மேசை அவளுடையது. எழுத்து அவளுடையது. தோழி தோழியாகவே இருப்பாள். ஒரு கேடயமும் அலமாரியில் மின்னும். நிஜமாக ஒரு நாள் மணி அடித்தால் மட்டும் அவள் அந்தப் படியில் இருப்பாள். அது என்றைக்கோ. இன்றைக்குக் குறையொன்றும் இல்லை.

விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு அடித்தாள்: ‘இன்றைய ஒத்திகையில் நாலாம் மாடி காலியாகவில்லை. ஒருவர் படிக்கட்டு மேடையில் காத்திருந்தார். அவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவரை யாரும் இறக்கவில்லை. ஒத்திகையை மறுபடி நடத்த வேண்டும்.’

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். கோபிக்கக்கூட இல்லை, கனிவு முகத்தைத்தான் மறுபடியும் மாட்டினார்.

“நான்தான் அப்பவே சொன்னேனே. மேல இருக்கறது உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை.”

மறுவாரமே தபால் கவுன்ட்டர். ஒத்திகை மறுபடி நடக்கவில்லை. அவள் எழுதியது பலகையில் ஏறவில்லை. கேடயம் இருந்த இடத்திலேயே இருந்தது. விசில் ஒரு தடவை கீழே வந்து, டீயை வைத்துவிட்டு, ‘நீங்களே கெடுத்துக்கிட்டீங்கக்கா’ என்று சொல்லிவிட்டுப் போனாள். பாவம், மனதாரத்தான் சொன்னாள். வீட்டில் கணவர் மட்டும், “நீ எழுதினதுலயே அதுதான் நல்லா இருந்துது” என்றார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. சீல் வைத்து வைத்து உள்ளங்கை ஊதாவாகிப்போயிருந்தது.

அடுத்த வருட அறிவிப்பு கவுன்ட்டருக்கு எதிர்ச்சுவரில் ஒட்டப்பட்டது. எழுதியது விசில். பிழை ஒன்றுமில்லை, நேரம், கூடும் இடம், வார்டன்கள் செய்யவேண்டியது எல்லாம் ஒழுங்காக இருந்தன. கற்றுக்கொடுத்தவளைப் பாராட்டத்தான் வேண்டும். கடைசிப் பத்தி மட்டும் புதுசு: ‘படி இறங்கச் சிரமப்படுவோர், தங்கள் நலன் கருதி, பத்து மணிக்கு முன்பே லிஃப்ட் மூலம் கூடும் இடத்துக்கு வந்துவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

அன்புடன்! படித்துவிட்டு அவள் தனியாகச் சிரித்தாள். காவலாளி, என்ன அக்கா என்றார். ஒன்றுமில்லை என்றாள்.

ஒத்திகை நாளன்று கவுன்ட்டரைச் சாத்திவிட்டு, யாரும் சொல்வதற்கு முன்பே பச்சைப் பலகைக்குப் போய் நின்றாள். வெயில். சைக்கிள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அங்கே ஏற்கெனவே நின்றிருந்தாள். க்ளெய்ம்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். நிறைமாசம், வயிறு முன்னால் தள்ளியிருந்தது.

“யாரும்மா உன்னை இறக்கிவிட்டாங்க?”

“விசில் அக்கா. முன்னாடியே போய் நிழலா பாத்து நில்லுன்னாங்க. ரொம்ப நல்லவங்க.”

“ஆமா, நல்லவதான்.”

இரண்டு பேரும் அந்த ஐந்து மாடியையும் அண்ணாந்து பார்த்தார்கள். மணி அடித்தது. படியில் கால்கள் தடதடக்கும் சத்தம் மதில் வரை கேட்டது. அந்தப் பெண் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். என்ன தோன்றியதோ, மெல்லக் கேட்டாள்.

“ஏன்க்கா, நிஜமாவே தீ பிடிச்சா நாம எப்படி இறங்கறது?”

அக்கா ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தாள்.

“கவலைப்படாதே. அதுக்கு முன்னாடி ஒரு சர்க்குலர் வரும்.”